பொங்கல் மடலுக்குத் தமிழில் ஒரு தலைப்பு, ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு: எப்படி எழுதுகிறீர்கள்?

கார்த்திகைப்பூ (ஒன்ராறியோ)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த வருசம் நான் செயலாளர். மாதம் ஒரு மின்மடல் அனுப்புறம், மேலே தமிழ், கீழே ஆங்கிலம். பட்டியலில 640 முகவரி இருக்கு. யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் இருந்து வந்தவையும் தமிழ்நாட்டில இருந்து வந்தவையும் கலந்துதான் இருக்கினம். இங்கயே பிறந்த பிள்ளைகளும் இப்ப கலியாணம் கட்டித் தனிக் குடும்பமாய் உறுப்பினராய்ச் சேருகினம்.

போன ஜனவரி பொங்கல் விருந்துக்கு 220 பேர் பதிஞ்சவை. அந்தக் கணக்குக்குத்தான் சமையல் சொன்னனாங்கள். வந்ததோ 260க்கு மேல. கடைசிப் பந்தியில சாம்பார் இல்லை, பொங்கலும் இல்லை. வாசலில நிண்டு பெயர் இல்லாமல் வந்த ஒவ்வொருத்தரையும் மரியாதையாய்க் கேட்டன். அனேகமாய் எல்லாரும் ஒரே மறுமொழிதான்: "மெயில் வந்தது பிள்ளை, பொங்கல் எண்டு இருந்தது, பதியோணும் எண்டு தெரியாது." நாங்கள் அனுப்பின தலைப்பு இதுதான், ஒரே வரியில இரண்டு மொழியும்:

```
தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் கலந்துகொள்ள முன்பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் தை 11 | Last day to register for the Pongal celebration: January 11
```

எல்லாம் இதுக்குள்ள இருக்குத்தானே? பிறகு ஏன் ஒருத்தருக்கும் விளங்கேல்லை? வாற விழா 2026 ஜனவரி 17, சனிக்கிழமை. ஜனவரி 10க்குள்ள பெயர் வேணும். ஒரே மடலா, இரண்டு மடலா? தமிழ்த் தலைப்பை எப்படி எழுதலாம்? அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

---

சுப்பு_சிட்னி

தமிழ் எழுத்தில் தலைப்பு வைத்தால் ஸ்பேமுக்குத்தான் போகும். எங்கள் சங்கத்தில் இரண்டு வருடம் பட்ட அனுபவம் இது. ஜிமெயிலுக்கும் அவுட்லுக்குக்கும் தமிழ் புரியாது, சந்தேகப்பட்டு ஓரம் கட்டிவிடும். தலைப்பை ஆங்கிலத்தில் மட்டும் வையுங்கள், உள்ளே தமிழ் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம்.

---

ஏழிலைப்பாலை (லண்டன்)

சுப்பு சார், தமிழ் எழுத்து என்பதற்காக மட்டும் ஜிமெயில் ஒரு மடலை ஸ்பேமில் போடுவதில்லை. ஒரு தொண்டு அமைப்புக்குப் பல மொழிகளில் மடல் அனுப்புவதுதான் பல வருடமாக என் வேலை. உங்கள் பேச்சில் பாதி உண்மை உண்டு. அவுட்லுக்கில் குறிப்பிட்ட எழுத்துக் குறியீடுகளைத் தடுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அலுவலக மெயிலை நிர்வகிப்பவர் சில மொழிகளில் வரும் மடல்களை ஒதுக்கும்படி அமைத்தும் வைக்கலாம். ஆகவே அலுவலக முகவரி கொடுத்த உறுப்பினருக்குச் சிக்கல் வரலாம். சொந்த முகவரிகளுக்கு அது காரணமாக இருக்காது. உங்கள் சங்கத்தின் மடல் எந்த முகவரியிலிருந்து, எதன் வழியாகப் போகிறது? அதைச் சொன்னால் மேலே பார்க்கலாம்.

கார்த்திகைப்பூ, உங்கள் தலைப்பில் எல்லாம் இருந்தது உண்மை. ஆனால் போனில் எது தெரிந்தது? என் போனில் அந்த வரியை எனக்கே அனுப்பிப் பார்த்தேன். பட்டியல் பார்வையில் தெரிந்தது இவ்வளவுதான்:

```
தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் கல…
```

ஆங்கிலம் என்றால் இதே போனில் 38 எழுத்து வரை தெரிகிறது. தமிழ் இடைவெளியும் சேர்த்து 24 எழுத்தோடு நின்றுவிட்டது. ண, ணை, ஞ, ழ எல்லாம் அகலமான எழுத்துகள். கொம்பும் காலும் சேர்ந்தால் ஒரு எழுத்தே மூன்று ஆங்கில எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். போனுக்குப் போன் இது மாறும், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இன்னும் குறையும். மடல் அனுப்பும் கருவி காட்டும் எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். "தமிழ்ச்" என்பது நமக்கு நாலு எழுத்து, கருவிக்கு ஏழு, ஏனென்றால் புள்ளியையும் விசிறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அந்த எண் அகலத்தைச் சொல்லாது.

ஆனால் நீளத்தைவிடப் பெரிய காரணம் தமிழின் வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், வால் வெட்டுப்பட்டாலும் செய்ய வேண்டியது தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வரும். நீங்கள் சொல்ல வந்தது "முன்பதிவு", "கடைசி நாள்". இரண்டும் வாலில் இருந்தன, வால் போய்விட்டது. மிஞ்சியதைப் படித்தவர் "பொங்கல் விழா வருது" என்று புரிந்துகொண்டு சந்தோஷமாக வந்தார். வாசலில் அவர் சொன்னதும் அதைத்தான். ஆங்கிலப் பாதியோ யார் கண்ணிலும் படவே இல்லை. அதாவது தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு உங்கள் மடல் புரியாத ஒரு வரியாகத்தான் போயிருக்கிறது.

இன்னொன்று. அனுப்புநர் பெயரில் ஏற்கெனவே சங்கத்தின் பெயர் இருக்கும். தலைப்பில் மறுபடி "தமிழ்ச் சங்கத்தின்" என்று பத்து எழுத்தைக் கொடுத்தது வீண்.

---

பொன்னி_பெர்லின்

எங்களுக்கும் இதே பிரச்சினை! தலைப்பு ஒருவருக்கும் விளங்கவில்லை. எங்கள் தலைவர் ஐயா மடலை எழுதித் தருவார், அதை அப்படியே எடுத்து ஒட்டுவோம். போய்ச் சேரும்போது இப்படி வரும்:

```
jkpo;
```

அது "தமிழ்" என்ற சொல். ஐயா பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர். அவருடைய கணினியில் அழகாகத் தெரியும், மற்றவர் எல்லாருக்கும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். கார்த்திகைப்பூ, நீங்களும் எழுத்துருவைப் பாருங்கள்.

---

கார்த்திகைப்பூ

பொன்னி அக்கா, எங்களுக்கு எழுத்து சரியாய்த்தான் தெரியுது, பிரச்சினை வேற. ஆனால் நல்லகாலம் சொன்னீங்கள். எங்கட பொருளாளரும் பாமினியிலதான் கணக்கு அறிக்கை எழுதுறவர், அதை மாற்றித்தான் போடோணும்.

ஏழிலைப்பாலை, நீங்கள் சொன்னதைப் படிச்சிட்டு அம்மாவின்ர போனை எடுத்துப் பார்த்தன். அதில "விழாவில்" கூட வரேல்லை, "பொங்கல் வி" வரைக்கும்தான். ஒரு வருசம் முழுக்க நாங்கள் ஆக்கள் மடல் வாசிக்கினம் இல்லை எண்டு குறை சொல்லிக்கொண்டு இருந்திட்டம். இப்ப மனசுக்குக் கஷ்டமாய் இருக்கு.

அப்ப வினையை முன்னுக்குக் கொண்டு வரட்டோ? "பதிவு செய்யுங்கள்: பொங்கல் விழா" எண்டு?

---

ஏழிலைப்பாலை

அப்படியும் எழுதலாம், ஆனால் காதுக்கு ஆங்கிலத்தைத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது. "பதிவு செய்யுங்கள்" என்று தொடங்கும் மடலைப் பெரியவர்கள் வங்கியிலிருந்து வந்தது என்று நினைத்துத் தள்ளிவிடவும் கூடும். வினை கடைசியிலேயே இருக்கட்டும், அதற்கு முன்னால் உள்ளதைச் சுருக்குங்கள். சுருக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது, வேற்றுமை உருபு. "பொங்கல் விழாவில் கலந்துகொள்ள" என்று நீட்ட வேண்டிய இடத்தில் "பொங்கலுக்கு" என்றாலே போதும், ஆறு எழுத்து. "ஜனவரி 10ஆம் தேதிக்கு முன்பாக" என்பதற்கு "ஜன. 10-க்குள்". "முன்பதிவு செய்ய வேண்டும்" என்பதற்கு நாம் வாயால் சொல்வது "பெயர் கொடுங்கள்". சேர்த்துப் பார்த்தால்:

```
பொங்கலுக்கு ஜன. 10-க்குள் பெயர் கொடுங்கள்
```

24 எழுத்தில் வெட்டினால் "பொங்கலுக்கு ஜன. 10-க்குள் பெயர் கொடு" வரை தெரியும். வெட்டுப்பட்டும் பொருள் போகவில்லை. இலக்கமும் புள்ளியும் ஒல்லியானவை என்பதால் என் போனில் முழுதாகவே தெரிந்தது. விழா என்றைக்கு, எங்கே என்பதெல்லாம் அடுத்த வரிக்குப் போகட்டும், தலைப்புக்குக் கீழே மங்கலாகத் தெரியுமே, அந்த முன்னோட்ட வரிக்கு.

---

இலக்கணப்பிரியன் (சிங்கப்பூர்)

பெரியோர்க்கு அனுப்பும் சங்க மடலில் "பெயர் கொடுங்கள்" என்பது பேச்சு வழக்கு. "முன்பதிவு செய்க" என்பதே தகும். "ஜன." என்ற குறுக்கமும் அழகில்லை. சங்கம் தமிழை வளர்க்க இருப்பது, ஓர் எழுத்து மிச்சம் பிடிக்க மொழியைச் சிதைக்க வேண்டாம். இது என் உறுதியான கருத்து.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. பழைய தலைப்பில் "தை 11" என்று இருக்கிறது. அவர் கருதியது ஜனவரி 11. இலங்கைத் தமிழர் ஜனவரியைத் தை என்றும் பெப்ரவரியை மாசி என்றும் எழுதுவது வழக்கம், நாட்காட்டிகளிலும் கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக்காரருக்குத் தை முதல் நாளே பொங்கல்தான். அவர் கணக்கில் தை 11 என்பது ஜனவரி 24 அல்லது 25. விழா முடிந்த பிறகு முன்பதிவா என்று அவர் குழம்பியிருப்பார்.

---

கார்த்திகைப்பூ

ஐயா, இதை நான் கனவிலயும் யோசிக்கேல்லை! சின்ன வயசில இருந்து எங்களுக்கு ஜனவரி எண்டால் தை. மதுரையில இருந்து வந்த ஒரு உறுப்பினர் ஜனவரி 20க்குப் பிறகு பதிவுப் பக்கம் மூடிக் கிடக்கு எண்டு எழுதினவர். பகிடியாய்ச் சொல்லுறார் எண்டு நினைச்சன். இனி ஜனவரி எண்டுதான். 11/1 எண்டும் எழுத மாட்டன். கனடாவில அதை ஒருத்தர் ஜனவரி 11 எண்டும் இன்னொருத்தர் நவம்பர் 1 எண்டும் வாசிப்பினம்.

"பெயர் கொடுங்கள்" பற்றி: அம்மாவிடம் இரண்டையும் காட்டினன். "முன்பதிவு செய்க" எண்டதை வாசிச்சிட்டு "இது காசு கட்டிற அலுவலோ?" எண்டு கேட்டவ. "பெயர் கொடுங்கள்" எண்டதுக்கு உடனே "என்ர பேரையும் குடு" எண்டா. ஒருத்தரிடம் கேட்டது போதாது எண்டு தெரியும், ஆனால் என்ர மனசு அந்தப் பக்கம்தான் சாயுது. குறை நினைக்காதேங்கோ ஐயா.

---

இலக்கணப்பிரியன்

குறை இல்லை அம்மா. தலைப்பில் எப்படியோ, மடலின் உள்ளே முறையான தமிழ் இருக்கட்டும். "ஜன." என்பதற்கு மட்டும் நான் இணங்கவில்லை.

---

அகிலன்_மிசிசாகா

ஹலோ. நான் இங்கே பிறந்தவன். தமிழ் பேசுவேன், மெதுவாக வாசிப்பேன், இதை என் மனைவி திருத்தித் தருகிறா. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு இப்படித்தான் மெயில் வரும். தமிழ்த் தலைப்பைப் பார்த்தால் "அம்மாவுக்கு வந்தது" என்று நினைத்து விட்டுவிடுவேன். அப்படி இரண்டு விழா தவறிவிட்டது. மகளுக்கு நாலு வயது, அவளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு விருப்பம். அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆங்கிலத் தலைப்பில் செலிபரேஷன் என்று போடாதீர்கள். அது என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. பேச்சா, நடனமா, சாப்பாடா? மத்தியானச் சாப்பாடு என்றால் அதைச் சொல்லுங்கள், வருவோம். என்ன கிழமை, பிள்ளைகளுக்கு ஏதும் இருக்கா, இது தெரிந்தால் போதும். முன்பு ஒரு தடவை இப்படி வந்தது:

```
Thai Pongal Vizha 2024
```

என் மச்சானின் மனைவி தமிழ் இல்லை. அவ அதைத் தாய்லாந்துச் சாப்பாட்டு விழா என்று நினைத்தா. Vizha என்பதை எப்படிச் சொல்வது என்றும் கேட்டா. தமிழ் எழுத்தில் தைப்பொங்கல் சரி, ஆங்கிலத்தில் பொங்கல் மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: விழா நாள் காலையில் முகவரி தேடுவேன். மெயிலில் pongal என்று தட்டுவேன். தமிழ் மட்டும் இருக்கும் மெயில் அந்தத் தேடலில் வராது. என் போனில் தமிழ் கீபோர்ட் இல்லை.

---

ஏழிலைப்பாலை

அகிலன், தேடல் பற்றிச் சொன்னீர்களே, வருடக்கணக்காக இந்த வேலை செய்கிறவர்களே மறந்துவிடும் விஷயம் அது. பெரியவர்களிலும் பாதிப் பேர் ஆங்கில விசைப்பலகையில்தான் தேடுவார்கள். ஆகவே தமிழ் மடலாக இருந்தாலும் உள்ளே எங்காவது ஒரு வரியில் Pongal 2026 என்று ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அனுப்புநர் பெயரையும் மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். ஆங்கில எழுத்தில் ஒரே பெயராக இருந்தால் யாரும் தேடி எடுக்கலாம்.

ஒரே மடலா இரண்டா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். நான் செய்வது இது. பட்டியல் ஒன்றுதான், அதில் ஒவ்வொருவருக்கும் மொழி என்று ஒரு புலம். தமிழ், ஆங்கிலம், தெரியாது என்று மூன்று நிலை. இரண்டு தனிப் பட்டியல் வைக்கவே கூடாது. ஒருவர் தமிழ்ப் பட்டியலிலிருந்து விலகியிருப்பார், ஆங்கிலப் பட்டியலில் அவர் பெயர் இருந்துகொண்டே இருக்கும், மடலும் போய்க்கொண்டே இருக்கும். கனடாவில் 2014 ஜூலையிலிருந்து இருக்கும் மின்மடல் சட்டப்படி, விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். சங்கமானாலும் நுழைவுச்சீட்டு விற்கும் மடல் என்றால் கவனமாக இருப்பது நல்லது. விலகும் இணைப்பை இரண்டு மொழியிலும் எழுதுங்கள்.

மொழியை எப்படித் தெரிந்துகொள்வது? பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். அகிலன் என்ற பெயருக்குத் தமிழ் மடல் அனுப்பித்தான் அவர் இரண்டு விழாவைத் தவறவிட்டார். அடுத்த மடலின் உச்சியில் இரண்டு இணைப்பு வையுங்கள், ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில். எதை அழுத்துகிறாரோ அது அவர் மொழி. பெரும்பாலோர் எதையும் அழுத்த மாட்டார்கள், அவர்கள் "தெரியாது" நிலையிலேயே இருக்கட்டும்.

அந்த மூன்றாம் கூட்டத்துக்குத்தான் யோசித்து எழுத வேண்டும். தலைப்பு தமிழில், முன்னோட்ட வரி ஆங்கிலத்தில். இரண்டையும் ஒரே தலைப்பில் கோடு போட்டுப் பிரித்து எழுதினால் இரண்டாவது மொழி தொலைந்துபோகும், நீங்கள் கண்டதுதான். ஆனால் முன்னோட்ட வரிக்குத் தனி இடம் இருக்கிறது. தமிழ் தெரியாதவர் கண் தானாகக் கீழே இறங்கும்:

```html
<div lang="en" style="display:none">Pongal lunch, Sat Jan 17. RSVP by Jan 10.</div>
```

இது மடலின் முதல் வரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "உலாவியில் பார்க்க இங்கே அழுத்தவும்" என்பது போன்ற ஏதோ ஒன்று அங்கே வந்து உட்காரும். உங்கள் கருவியில் முன்னோட்ட வரிக்கென்று ஒரு பெட்டி இருந்தால் அதிலேயே எழுதிவிடலாம், குறியீடு தேவையில்லை.

---

சுப்பு_சிட்னி

கேட்டீர்களே, எங்கள் மடல் எப்படிப் போகிறது என்று. சங்கத்தின் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, எங்கள் இணையதள ஹோஸ்டிங்கில் ஒரு சிறிய பி.எச்.பி. நிரல் வழியாக 900 பேருக்கு அனுப்புகிறோம். தமிழ்த் தலைப்பு வைத்தபோது சிலருக்கு நடுவில் கறுப்பு வைரக் குறி வந்தது:

```
பொங்கல் விழா அழை���்பு
```

அதனால்தான் தமிழே சரிப்படாது என்று முடிவு செய்தோம்.

---

ஏழிலைப்பாலை

சார், இங்கே இரண்டு தனித் தவறு இருக்கின்றன, இரண்டுக்கும் பழி தமிழ் மேல் விழுந்திருக்கிறது.

முதலாவது ஸ்பேம். ஜிமெயில் முகவரியைப் போட்டுவிட்டு ஜிமெயில் அல்லாத சர்வரிலிருந்து அனுப்பினால், பெறுகிற பக்கம் சரிபார்க்கும்போது பொருந்தாது. யாரோ உங்கள் பெயரில் அனுப்புவது போலத்தான் அதற்குத் தெரியும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் இன்னும் கண்டிப்பு. ஆங்கிலத் தலைப்புக்கு மாற்றிய பிறகும் சிலருக்கு ஸ்பேமில் விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள், விழும் என்று நினைக்கிறேன். சங்கத்தின் சொந்த டொமைன் முகவரியிலிருந்து, அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் SPF, DKIM பதிவுகளோடு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வைரக் குறி. மடலின் தலைப்பில் தமிழ் அப்படியே போகாது, குறியாக்கம் செய்துதான் போகும். ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஆகவே ஒரு துண்டில் அதிகபட்சம் 15 குறிதான் அடங்கும். நீளமான தலைப்பு மூன்று நாலு துண்டாகும். உங்கள் நிரல் முழுவதையும் மொத்தமாகக் குறியாக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு 75இல் வெட்டுகிறது, ஒரு குறியின் மூன்று பைட் இரண்டு துண்டில் சிதறுகிறது. வெட்டு விழுந்த இடத்தில்தான் வைரம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட் என்பதால் இந்தப் பிழை வெளியே தெரிவதே இல்லை. எழுத்து எல்லை பார்த்து வெட்டும் செயற்கூறு அதே மொழியில் இருக்கிறது:

```php
mb_internal_encoding("UTF-8");
$subject = mb_encode_mimeheader($title, "UTF-8", "B");
```

வந்த மடலின் மூல வடிவைத் திறந்து பாருங்கள். தலைப்புத் துண்டுகளில் 4K6, 4K+ என்பவை திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழ்தான், ஒழுங்காகப் போயிருக்கிறது. துண்டு ஒவ்வொன்றும் 4K என்று தொடங்கினால் பெரும்பாலும் வெட்டும் சரி. இடைவெளியிலோ இலக்கத்திலோ தொடங்கும் துண்டு மட்டும் வேறு மாதிரி இருக்கலாம்.

---

சுப்பு_சிட்னி

ஆங்கிலத் தலைப்பிலும் ஸ்பேம் வருவது உண்மைதான், நாலைந்து பேர் சொன்னார்கள், நாங்கள் பொருட்படுத்தவில்லை. டொமைன் விஷயத்தை எங்கள் பையனிடம் சொல்லிவிட்டேன். அவுட்லுக் பற்றி நான் சொன்னது அலுவலக முகவரிக்கு மட்டும் நிற்கிறது, சரிதானே?

---

ஏழிலைப்பாலை

அது நிற்கிறது சார். அலுவலக முகவரி கொடுத்தவர்களிடம் சொந்த முகவரி கேட்டு வாங்குவதுதான் வழி, அனுப்புகிற பக்கம் நம்மால் செய்ய முடிந்தது அதிகம் இல்லை.

---

பொன்னி_பெர்லின்

ஒரு சந்தேகம். இரண்டு தலைப்பு எழுதிப் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது அனுப்பி, எது அதிகம் திறக்கப்படுகிறது என்று பார்க்கலாம் என்று எங்கள் கருவி சொல்கிறது. "கடைசி வாய்ப்பு!" என்ற தலைப்பு ஜெயித்தது. அதையே வைக்கலாமா?

---

ஏழிலைப்பாலை

எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் அக்கா? நூறு நூறு பேர் என்றால் ஐந்தாறு பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரும். அதோடு 2021இல் ஐபோனில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஆப்பிள் மெயில் பயன்படுத்துகிறவர் மடலைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகவே கணக்கில் விழலாம். திறந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, பெயர் கொடுத்தவர் எத்தனை பேர், எந்த மடலின் இணைப்பு வழியாக வந்தார்கள் என்று பாருங்கள். தமிழ் மடலுக்கு ஒரு இணைப்பு, ஆங்கில மடலுக்கு வேறொன்று வைத்தால் அது தெரிந்துவிடும்.

"கடைசி வாய்ப்பு!" எனக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்தத் தொடர் பழகிப்போனது, கண்ணை உறுத்தாது. தமிழில் அது ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் மாதிரி ஒலிக்கிறது. சங்கத்தின் மேல் ஒரு மரியாதை வைத்திருக்கும் ஆள் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? ஆங்கிலத்தில் வேலை செய்வதைத் தமிழில் பெயர்த்து வைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

---

கார்த்திகைப்பூ

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு செயற்குழுவில வைச்சு மூண்டு வடிவம் எழுதினம்.

தமிழ் கேட்டவைக்கு:

```
பொங்கலுக்கு ஜன. 10-க்குள் பெயர் கொடுங்கள்
விருந்து ஜனவரி 17 சனி பகல் 12 மணி, கோலப் போட்டியும் உண்டு
```

ஆங்கிலம் கேட்டவைக்கு, அகிலன் சொன்னபடி சாப்பாட்டையும் பிள்ளைகளையும் முன்னுக்கு வைச்சு:

```
Pongal lunch, Sat Jan 17: RSVP by Jan 10
Kids' kolam corner, free parking, 12 noon
```

ஒண்டும் சொல்லாதவைக்குத் தமிழ்த் தலைப்பும் ஆங்கில முன்னோட்ட வரியும்.

அனுப்ப முதல் ஆறு போனில பார்த்தம். ஒரு மாமியின்ர போனில எழுத்து மிகப் பெரிசு. "பொங்கலுக்கு ஜன. 10-க்" எண்டதோட நிக்குது. பெயர் கொடுக்கிற விசயம் அங்க தெரியாது. திகதி தெரியுது, அவ திறந்து பார்ப்பா எண்டு நம்புறம். அவவைப் போல ஆக்களுக்குத் தொலைபேசியில சொல்ல இரண்டு பேரை விட்டிருக்கு.

குழுவில ஒரு வாக்குவாதம் தீரேல்லை. ஒரே வீட்டில அப்பாவுக்குத் தமிழ், மகளுக்கு ஆங்கிலம், ஆனால் குடும்பத்துக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி. இப்படி எழுபது எண்பது வீடு இருக்கு. அவைக்கு மூண்டாவது வடிவம் போகட்டும் எண்டு நான் சொன்னன். பொருளாளர் இரண்டு மடலும் தனித்தனியாய்ப் போகோணும் எண்டுறார். இரண்டு தரம் போனால் இரண்டு தரம் பெயர் கொடுப்பினமோ எண்டு எனக்குப் பயம்.

---

அகிலன்_மிசிசாகா

எங்கள் வீட்டில் அப்படித்தான். முன்பு ஒரு விழாவுக்கு அம்மாவும் நானும் தனித்தனியாக நாலு பேருக்கு எழுதிவிட்டோம், எட்டு ஆகிவிட்டது. பதிவுப் பக்கத்தில் தொலைபேசி எண் கேட்டால் ஒரே வீடு என்று உங்களுக்குத் தெரியும்தானே?

---

ஏழிலைப்பாலை

அம்மாவும் மகனும் வேறு வேறு எண் கொடுப்பார்களே அகிலன். வீட்டு முகவரியின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டால் ஓரளவு பிடிபடும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரும் உறுப்பினராக இருந்தால் அதுவும் குழப்பும். குடும்ப முகவரிக்கு இந்த முறை மூன்றாவது வடிவம் ஒன்றை மட்டும் அனுப்புங்கள் கார்த்திகைப்பூ. ஜனவரி 10க்குப் பிறகு அந்த எண்பது வீட்டில் எத்தனை வீட்டிலிருந்து பெயர் வந்தது என்று மட்டும் இங்கே எழுதுங்கள், எனக்கும் அது தெரிய வேண்டும்.